எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்போது

"டாக்டர்கள் எடுத்துச் சொல்லியும் கேளாமல், என் சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துச் செல்கிறேன். இதனால் ஏற்படும் எந்த விளைவுக்கும் மருத்துவர்களோ மருத்துவமனையோ பொறுப்பல்ல."

சிகிச்சை முடியும் முன்பே வீட்டுக்குக் கிளம்புகிறவர்களிடம் நம் ஊர் மருத்துவமனைகள் எழுதி வாங்கும் வாக்கியம் ஏறக்குறைய இதுதான். சில இடங்களில் அச்சடித்த படிவம் இருக்கும். சில இடங்களில் கேஸ் ஷீட்டின் ஓரத்தில் நர்ஸ் சொல்லச் சொல்ல உறவினர் எழுதிக் கையெழுத்துப் போடுவார். வார்டில் இதற்கு ஏ.எம்.ஏ. என்று பெயர், சில ஊர்களில் லாமா, டாமா என்பார்கள். மக்கள் வாயில் அது "எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டு வந்துட்டோம்" என்று வரும்.

அந்த வாக்கியத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நோயாளிக்கு என்ன நோய் என்று அதில் இல்லை. வீட்டுக்குப் போனால் என்ன ஆகலாம், எத்தனை நாளுக்குள் ஆகலாம் என்று இல்லை. ஏன் போகிறார் என்பதும் இல்லை. வயிறு வலித்தால் யாரிடம் போவது, திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வார்களா என்பதும் இல்லை. கையெழுத்துப் போட்டவருக்கு அதிலிருந்து தெரிவது ஒன்றுதான்: இனி நமக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. பிறகு இரவு இரண்டு மணிக்கு உடம்பு மோசமாகும்போது, "நாமதான் எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டோமே, எந்த முகத்தை வச்சுக்கிட்டு போறது" என்று வீட்டார் தயங்குகிறார்கள். விடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஆபத்து வருவது பெரும்பாலும் அந்தக் காத்திருப்பில்தான்.

மருத்துவர் சொன்னதை மீறிக் கிளம்புகிறவர்கள் மறுபடி மருத்துவமனையில் சேர நேர்வதும், உயிரிழப்பதும், முறைப்படி டிஸ்சார்ஜ் ஆனவர்களைவிட அதிகம் என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் இந்தப் படிவத்தை வெறும் காகிதம் என்று நான் நினைப்பதில்லை. கிளம்புகிறவருக்கு மருத்துவமனை கொடுக்கக்கூடிய கடைசி சிகிச்சை அதில்தான் இருக்கிறது. அதை எப்படி எழுத வேண்டும் என்பதை ஒரு நோயாளியை வைத்துச் சொல்கிறேன். அவர் குறிப்பிட்ட ஒருவரல்ல. ஆனால் மழைக்காலத்தில் திருப்பூரிலோ ஈரோட்டிலோ காய்ச்சல் வார்டுக்குள் நுழைகிறவர் அவரைப் போன்ற ஒருவரைப் பார்த்துவிடலாம்.

வயது 32. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. செவ்வாய்க்கிழமை காய்ச்சல் தொடங்கியது, வியாழக்கிழமை ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார், டெங்கு என்று உறுதியானது. இன்று சனிக்கிழமை. காலையிலிருந்து காய்ச்சல் இல்லை. தலைவலி குறைந்து இரண்டு இட்லி சாப்பிட்டிருக்கிறார். ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம், "உடம்பு நல்லாயிருச்சுங்க டாக்டர், நான் வூட்டுக்குப் போறனுங்க" என்கிறார்.

டெங்குவை அறிந்த எந்த மருத்துவருக்கும் இந்த இடத்தில் வயிற்றைக் கலக்கும். மற்றக் காய்ச்சல்களில் சூடு தணிந்தால் நோய் தணிந்தது என்று கொள்ளலாம். டெங்குவில் காய்ச்சல் விட்ட அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் கண்டம். சிலருக்கு அந்த நேரத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் இளகி, ரத்தத்திலுள்ள நீர் வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் கசிந்துவிடும். நீர் வெளியேறியதால் மிஞ்சிய ரத்தம் கெட்டிப்படும், அழுத்தம் இறங்கும். இந்தப் பெண்ணின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு வியாழக்கிழமை 38 சதவீதம். இன்று காலை 43. தட்டணுக்கள் 1,10,000 இருந்தவை 58,000 ஆகிவிட்டன. ரத்த அழுத்தம் 106/80. கேட்பவருக்கு இது நல்ல அளவாகத் தோன்றும். ஆனால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 26தான் இருக்கிறது. அது 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அதிர்ச்சி நிலை என்று பொருள். உடம்பு நன்றாக இருப்பதாக அவர் உணர்வது உண்மை. கசிவு தொடங்கிவிட்டது என்று தாள் சொல்வதும் உண்மை.

படிவத்தை எடுக்கும் முன் இன்னொன்றைப் பார்த்தாக வேண்டும். போக வேண்டும் என்ற பிடிவாதமே சில நேரம் நோயின் வேலையாக இருக்கும். டெங்குவின் அபாய அறிகுறிகளில் ஒன்று நிலைகொள்ளாத பரபரப்பு. ரத்த அழுத்தம் இறங்கும்போது, சர்க்கரை குறையும்போது, மூச்சில் ஆக்சிஜன் போதாதபோது, நேற்று வரை அமைதியாக இருந்தவர் திடீரென்று எழுந்து செருப்பைத் தேடுவார். தினமும் குடிப்பவர் மருத்துவமனையில் சேர்ந்து இரண்டாம் மூன்றாம் நாளில் "என்னை விடுங்க" என்று கத்துவதும் அப்படித்தான். அது குடி நின்றதால் வரும் குழப்பம். இந்த நிலையில் வாங்கும் கையெழுத்துக்கு எந்த மதிப்பும் கிடையாது. அங்கே தேவை சிகிச்சை. எனவே முதலில் பி.பி., நாடித்துடிப்பு, சர்க்கரை, ஆக்சிஜன் பார்க்க வேண்டும். பிறகு பேசிப் பார்க்க வேண்டும். சொல்வது அவருக்குப் புரிகிறதா, அது தனக்கு நேரக்கூடியது என்று உணர்கிறாரா, காரணம் சொல்லி யோசிக்கிறாரா, சற்று நேரம் கழித்துக் கேட்டாலும் அதே முடிவைச் சொல்கிறாரா? நான்குக்கும் ஆம் என்றால் அந்த முடிவு அவருடையது. டாக்டருக்குப் பிடிக்காத முடிவு என்பதாலேயே அது புத்தி கலங்கிய முடிவாகிவிடாது. படிவத்தின் முதல் வரியில் இந்தச் சோதனையின் முடிவும், பார்த்த நேரமும் வர வேண்டும்: "காலை 10.40. நோயாளி தெளிவாக இருக்கிறார். பி.பி. 106/80, நாடி 98, சர்க்கரை 112. கேட்ட கேள்விகளுக்குப் பொருத்தமாகப் பதில் சொன்னார்."

அடுத்து, ஏன் என்று கேட்பது. நின்றபடி கேட்டால் "வூட்டுல வேலை இருக்குதுங்க" என்ற பதிலோடு முடிந்துவிடும். டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, வீட்டுல யாரு இருக்காங்க?"

"பாப்பா இருக்குதுங்க டாக்டர். ஆறு வயசு. அவங்க அப்பா லாரில நாக்பூர் போயிருக்காரு, நாளைக்கு ராத்திரிதான் வருவாரு. ரெண்டு நாளா பக்கத்து வூட்டக்கா பாத்துக்கிச்சு. இன்னிக்கு அதுக்கு நைட் ஷிப்டுங்க."

கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "பில்லும் ஏறிட்டே போகுதுங்க" என்றார்.

இரண்டு நிமிடப் பேச்சில் இரண்டு காரணங்கள் வெளியே வந்துவிட்டன. இரண்டுக்கும் ஏதாவது செய்ய முயலலாம். குழந்தையையும் இங்கேயே தங்க வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். காய்ச்சல் வார்டில் குழந்தையை வைக்கப் பயமாக இருக்கிறது என்றார் அவர். பயத்தில் நியாயம் இருக்கிறது. செலவுக்கு அரசு மருத்துவமனைக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார். அங்கே போனாலும் ராத்திரி பாப்பாவுக்கு யார் என்ற கேள்வி அப்படியே நின்றது. கோபியில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். தங்கையால் நாளை மதியம்தான் வர முடியும். ஆக, இடைவெளி ஒரே ஓர் இரவு. அந்த இரவை எப்படிக் கடப்பது என்பதுதான் இனிப் பேச்சு.

இப்போது படிவம். நல்ல படிவத்தில் மூன்று பத்திகள் இருக்கும். அச்சடித்த வாசகம் குறைவாகவும் கையால் நிரப்பும் இடம் நிறையவும் இருக்க வேண்டும். எல்லா நோய்க்கும் பொருந்தும் வாசகம் எந்த நோயாளிக்கும் உதவாது. நோயாளியின் குரலிலேயே எழுதப்பட வேண்டும், எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும்.

முதல் பத்தி, சொல்லப்பட்ட ஆபத்து. இந்தப் பெண்ணுக்கு அது இப்படி இருக்கும்:

"எனக்கு வந்திருப்பது டெங்குக் காய்ச்சல். இன்று காய்ச்சல் விட்டிருந்தாலும் திங்கட்கிழமை காலை வரை மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம் என்று டாக்டர் விளக்கினார். இந்த நேரத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம், ரத்தக்கசிவு ஏற்படலாம், உடனே கவனிக்காவிட்டால் உயிர் போகலாம். டெங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நல்லபடியாகக் குணமாகிறார்கள். ஆனால் என் ரத்தப் பரிசோதனையில் கசிவு தொடங்கிய அடையாளம் இருப்பதால் எனக்கு ஆபத்து கூடுதல் என்று சொன்னார். இங்கே இருந்தால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பி.பி.யும் ரத்தமும் பார்த்து உடனே சலைன் ஏற்ற முடியும், வீட்டில் அது முடியாது என்றும் சொன்னார்."

இதில் கவனிக்க வேண்டியது, ஆபத்துக்கு ஒரு பெயரும் ஒரு கெடுவும் இருக்கிறது. "உயிருக்கு ஆபத்து" என்ற பொதுவாசகத்தை நம் மக்கள் ஆஸ்பத்திரியில் எத்தனையோ முறை கேட்டுக் காது மரத்துப் போயிருக்கிறார்கள். குடல்வால் அறுவைக்கும் அதே வாசகம், கண்புரைக்கும் அதே வாசகம். "திங்கட்கிழமை காலை வரை" என்றால் அது மனதில் பதியும். அவரும் அந்த அளவுக்குத் தன் ஏற்பாட்டைச் செய்துகொள்ள முடியும்.

பெரும்பாலோர் குணமாகிறார்கள் என்ற வரியைச் சில மருத்துவர்கள் எழுதத் தயங்குவார்கள். அதைப் படித்துத் தைரியம் வந்துவிடுமே என்பார்கள். ஆனால் அந்த வரி உண்மை. அதை மறைத்து, "போனா செத்துடுவீங்க" என்று மட்டும் மிரட்டினால், அதே தெருவில் டெங்கு வந்து வீட்டிலேயே பிழைத்த நாலு பேரை நோயாளிக்குத் தெரியும். அதன் பிறகு டாக்டர் சொல்லும் வேறு எதையும் அவர் நம்பமாட்டார், "வயிறு வலித்தால் வாருங்கள்" என்பது உட்பட. ஆபத்தைக் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது.

சொன்னது புரிந்ததா என்று அறிய "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டுப் பயனில்லை. யாரும் இல்லை என்று சொல்வதில்லை. "வீட்டுக்குப் போனதும் உங்க தங்கச்சி கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். "காச்சல் விட்டாத்தான் பயமாம். வகுறு வலிச்சாலோ தல சுத்துனாலோ ராத்திரினு பாக்காம வரோணும்." படிவத்தில் இந்த இரண்டு வரிக்கு இருக்கும் பலம், கீழே இருக்கும் ரெவின்யூ ஸ்டாம்புக்குக் கிடையாது.

இரண்டாவது பத்தி, நோயாளியின் காரணம். இங்கேதான் நம் படிவங்கள் மிகவும் ஏமாற்றுகின்றன. இருந்தால் "சொந்தக் காரணங்களுக்காக" என்று இருக்கும். கேஸ் ஷீட்டில் "ஒத்துழைக்கவில்லை", "சொல்வதைக் கேட்கவில்லை" என்று இருக்கும். அந்தச் சொற்கள் நோயாளியோடு கூடவே பயணம் செய்யும். அடுத்த முறை வரும்போது புதிதாக வந்த டியூட்டி டாக்டர் பழைய ஷீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைப் பார்க்கும் முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். சரியான பத்தி இப்படி இருக்கும்:

"என் ஆறு வயது மகளை இன்றிரவு பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கணவர் வெளியூரில் இருக்கிறார், நாளை இரவு திரும்புவார். தங்கை நாளை மதியம் வருவார். மருத்துவமனைச் செலவும் எனக்குக் கவலையாக இருக்கிறது. மகளை இங்கே தங்கவைக்கலாம் என்று சொன்னார்கள், தொற்றுக்குப் பயந்து வேண்டாம் என்றேன். அரசு மருத்துவமனைக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார்கள், அதே காரணத்தால் இன்று முடியாது என்றேன்."

மருத்துவமனை என்னென்ன மாற்று வழி சொன்னது என்பது இதில் பதிவாகிறது. அது மருத்துவருக்குப் பாதுகாப்பு. நோயாளி யோசித்துத்தான் முடிவெடுத்தார் என்பதும் பதிவாகிறது; அது அவருக்கு மரியாதை. எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் படுவது வேறு. காரணத்துக்கு ஒரு முடிவு தேதி இருக்கிறது என்பது எழுதும்போதுதான் கண்ணில் படுகிறது. நாளை மதியம் தங்கை வந்ததும் அந்தக் காரணம் தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு அவர் ஏன் திரும்பி வரக் கூடாது?

சில நேரம் காரணம் மருத்துவமனையைப் பற்றிய குறையாகவே இருக்கும். "மூணு மணி நேரமா யாரும் வந்து பாக்கல", "ஊசி போட்ட கை வீங்கிடுச்சு, கேட்டா அதட்டுறாங்க." அதையும் அவர் சொன்னபடியே எழுத வேண்டும். நர்ஸுகளுக்கு இது கஷ்டம்தான். ஆனால் அந்தக் குறையை அங்கேயே கேட்டுச் சரிசெய்தால் பாதிப் பேர் பையை மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவார்கள் என்பதை வார்டில் இருந்தவர்கள் அறிவார்கள்.

மூன்றாவது பத்திதான் பெரும்பாலான படிவங்களில் இல்லவே இல்லாதது. திரும்பி வருவது பற்றியது.

"நான் எந்த நேரத்திலும், இரவானாலும், திரும்பி வரலாம் என்று சொன்னார்கள். இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டதாலோ பில் பாக்கி இருப்பதாலோ எனக்கு அவசர சிகிச்சை மறுக்கப்படாது. விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், வழக்கத்தைவிட அதிக மாதவிடாய், எழுந்தால் தலைசுற்றல், கை கால் சில்லிடுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, காரணமில்லாத படபடப்பு அல்லது மயக்கமான தூக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் வருவேன். வர வண்டி இல்லையென்றால் 108-ஐ அழைப்பேன். ஒன்றும் வராவிட்டாலும் நாளை காலை 8 மணிக்கு இங்கே வந்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்வேன். வராவிட்டால் 9 மணிக்கு இந்த எண்ணுக்கு நர்ஸ் போன் செய்யலாம்."

"தேவைப்பட்டால் திரும்பி வரவும்" என்று எழுதுவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். எப்போது தேவைப்படும் என்பதை நோயாளியின் ஊகத்துக்கு விட்டுவிடவில்லை. நேரம் குறித்தாகிவிட்டது. பில் பாக்கி என்ற சொல்லை வாய்விட்டு எழுதியிருப்பதும் வேண்டுமென்றே. திரும்பி வரத் தடுப்பவற்றில் வெட்கம் பாதி, பாக்கி பாதி. அவசர நிலையில் வருகிறவருக்கு உயிர்காக்கும் சிகிச்சை தர வேண்டியது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பர்மானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. படிவம் அதை நோயாளிக்குத் தெரியும்படி சொல்கிறது, அவ்வளவே.

இந்தப் பத்தியோடு மருந்துச் சீட்டும் போக வேண்டும். சொல்பேச்சுக் கேளாமல் போகிறவருக்கு மருந்து எழுதித் தருவதில்லை என்று ஒரு வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது தண்டனை, மருத்துவம் அல்ல. முழு சிகிச்சையை மறுத்தவர் எல்லா சிகிச்சையையும் மறுத்தவராக மாட்டார். இந்தப் பெண்ணுக்கு வேண்டியது எளியது. காய்ச்சல் திரும்பினால் பாராசிட்டமால், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில். உப்பு சர்க்கரைக் கரைசல், கஞ்சி, மோர், இளநீர், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. இபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் கூடவே கூடாது. வழியில் எந்த கிளினிக்கிலும் உடம்பு வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. கடைசி வரியை அடிக்கோடிட்டு எழுத வேண்டும். வீட்டுக்குப் போன நோயாளி அசதியாக இருக்கிறது என்று பக்கத்துத் தெருவில் போடும் ஊசி, தட்டணு குறைந்த உடம்பில் ரத்தக்கசிவுக்கு வழி செய்துவிடும்.

யார் கையெழுத்துப் போடுவது? நம் ஊரில் நோயாளி கட்டிலில் தெளிவாக உட்கார்ந்திருப்பார், கையெழுத்தை மாமனாரோ மைத்துனரோ வெளியே கவுண்டரில் போட்டுக்கொண்டிருப்பார். மேலே காட்டிய பழைய வாசகம்கூட "நோயாளியை அழைத்துச் செல்கிறேன்" என்று உறவினர் பேசுவதாகத்தான் இருக்கிறது. வயது வந்து, சுயநினைவோடு இருப்பவரின் முடிவை அவரேதான் எடுக்க முடியும். உறவினர் சாட்சியாக இருக்கலாம். குடும்பத்தார் இல்லாமல் ஒரு முறை தனியாகவும் கேட்க வேண்டும், பெண்களிடம் கட்டாயமாக. "நீங்க போகணுமா, இவங்க கூட்டிட்டுப் போறாங்களா?" என்ற கேள்விக்குச் சில நேரம் கண்ணீர்தான் பதிலாக வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் யார், எந்த மொழியில் படித்துக் காட்டினார்கள் என்பதைக் குறித்து, கைரேகை வாங்கி, படித்தவர் கையெழுத்திட வேண்டும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளியிடம் தமிழ்ப் படிவத்தில் வாங்கும் கையெழுத்து வெறும் கோடு. குழந்தை நோயாளியாக இருந்தால் பெற்றோரின் கையெழுத்தோடு பொறுப்பு தீர்ந்துவிடாது. உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கும்போது பெற்றோர் தூக்கிச் செல்ல முனைந்தால் மூத்த மருத்துவரையும், தேவைப்பட்டால் குழந்தைகள் நலக் குழுவையும் அழைத்துத்தான் ஆக வேண்டும்.

கையெழுத்தே போடமாட்டேன் என்று கிளம்பினால்? தடுத்து வைக்கக் கூடாது. என்ன சொல்லப்பட்டது, அவர் என்ன பதில் சொன்னார், எத்தனை மணிக்குப் போனார், சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டாரா என்பதை டாக்டரும் ஒரு நர்ஸும் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். பதிவின் மதிப்பு நடந்த பேச்சில் இருக்கிறது.

"எந்த விளைவுக்கும் பொறுப்பல்ல" என்ற வரி இல்லாவிட்டால் மருத்துவமனைக்கு ஆபத்தில்லையா என்று கேட்கலாம். அந்த வரி மருத்துவர்கள் நினைக்கும் அளவுக்கு அவர்களைக் காப்பதில்லை. சிகிச்சையில் அலட்சியம் இருந்தால் எந்தப் பொதுவாசகமும் அதை அழித்துவிடாது. 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்புதல் கேட்கும்போது நோயாளிக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று வகுத்தது. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், முக்கிய ஆபத்துகள் ஆகியவற்றோடு, சிகிச்சையை மறுத்தால் என்ன கெடுதல் வரும் என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சிகிச்சையை மறுத்துக் கிளம்புகிறவரின் படிவத்தில் இருக்க வேண்டியது அதுதான். "எல்லா ஆபத்துகளும் விளக்கப்பட்டன" என்ற ஒற்றை வரி எதையும் நிரூபிக்காது. "திங்கட்கிழமை காலை வரை" என்று எழுதிய பத்தியும், "வகுறு வலிச்சா" என்ற நோயாளியின் சொல்லும் நிரூபிக்கும்.

படிவத்தின் நகல் ஒன்று நோயாளி கையில் இருக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அபாய அறிகுறிகளின் பட்டியல் மருத்துவமனை ரெக்கார்டு ரூமில் பூட்டிக் கிடந்தால் யாருக்கு என்ன பயன்? ரத்தப் பரிசோதனை முடிவுகளும் சிகிச்சைச் சுருக்கமும் கூடவே கொடுத்தனுப்ப வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. டெங்குவுக்கு 72 மணி நேரம் மிக நீளம், அன்றே கையில் கிடைக்க வேண்டும்.

சில டிஸ்சார்ஜ்களுக்கு இந்தப் படிவமே பொருந்தாது. பணம் தீர்ந்து அரசு மருத்துவமனைக்குப் போகிறவரிடம் ஏ.எம்.ஏ. எழுதி வாங்கி அனுப்புவது தவறு. அது இடமாற்றம். அவருக்கு வேண்டியது பரிந்துரைக் கடிதம், கொடுத்த மருந்துகளின் பட்டியல், அங்குள்ள டாக்டருக்கு ஒரு போன். இவை இல்லாமல் போய் நிற்பவருக்கு அங்கே எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

இதைவிட மனதை உறுத்துவது, இனிப் பிழைக்க வழியில்லை என்று டாக்டரே சொல்லி, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று அனுப்பும்போதும் அதே படிவத்தில் கையெழுத்து வாங்குவது. டாக்டர் சொன்னதைக் கேட்டுத்தான் அந்தக் குடும்பம் போகிறது. ஆனால் டாக்டர் பேச்சைக் கேளாமல் போனதாக அவர்கள் கையாலேயே எழுதித் தருகிறார்கள். உயிர்காக்கும் கருவிகளை நிறுத்துவது பற்றி உச்ச நீதிமன்றம் 2018-ல் வழிமுறை வகுத்து, 2023-ல் அதை எளிதாக்கியும் இருக்கிறது. அந்த வழியில் போகச் சிரமப்பட்டுக்கொண்டு இந்தப் படிவத்தில் ஒளிந்துகொள்வதால், வலிக்கு மருந்துகூட இல்லாமல் அந்த உயிர் ஆம்புலன்ஸில் பயணம் செய்கிறது. துக்கத்தோடு குற்ற உணர்வையும் அந்த வீடு சுமக்கிறது. அவர்களுக்கு வேறு தாள் வேண்டும், வேறு பேச்சு வேண்டும்.

டெங்குக்காரப் பெண்ணுக்கு வருவோம். இரவு ஒரு முறை வாந்தி எடுத்தார். ஒரு முறைதானே என்று படுத்துக்கொண்டார். விடியற்காலை மறுபடி எடுத்ததும் தாளை எடுத்துப் பார்த்தார். ஷிப்ட் முடிந்து வந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் குழந்தையை விட்டுவிட்டு ஏழரை மணிக்கே ஆட்டோவில் வந்துவிட்டார். சிவப்பணுப் பங்கு 45, தட்டணுக்கள் 41,000, இடைவெளி 22. காஷுவாலிட்டியில் இருந்த டியூட்டி டாக்டர் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் தாளில் எல்லாம் இருந்தது: எத்தனையாவது நாள், நேற்று என்ன எண்கள், என்ன கொடுத்தார்கள். கேள்வி கேட்டு நேரம் போக்காமல் சலைன் தொடங்கினார். நர்ஸ் முதலில் கேட்டது, "பாப்பாவை யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க? தங்கச்சி எத்தன மணிக்கு வராங்க?" என்றுதான்.

புதிய கேஸ் ஷீட்டின் முதல் வரியை டியூட்டி டாக்டர் எழுதினார்: "நேற்று குழந்தையைக் கவனிக்க வீட்டுக்குச் சென்றவர், ஒப்புக்கொண்டபடி இன்று காலை மறுபரிசோதனைக்கு வந்தார், இரு முறை வாந்தி, உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டார்."